நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்தால் என்ன செய்ய வேண்டும்?

நாய் உட்கார்ந்தபடியே பின்னங்கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு, முன்னங்கால்களால் உடலை இழுத்து, பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போவதை நாய் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பார்கள். "வயித்துல பூச்சி, அதான் தேய்க்குது" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். தேய்ப்பது நிற்காவிட்டால், நாயைக் குளிப்பாட்டி முடி வெட்டும் கடைக்குக் கொண்டுபோவார்கள். "ஏனல் கிளாண்ட் நிறைஞ்சிருக்கு சார், பிதுக்கி விட்டுடறோம்" என்று அங்கே சொல்வார்கள். அன்று முதல் மாதம் ஒருமுறை பிதுக்குவது அந்த வீட்டு வழக்கமாகிவிடும்.

பூச்சி மாத்திரையும் மாதாந்திரப் பிதுக்கலும் சில நாய்களுக்குத் தேவைதான். ஆனால் காரணம் தெரியாமல் செய்யும்போது இரண்டும் உண்மையான நோயை மறைத்துவிடுகின்றன. நாய் ஏன் தேய்க்கிறது, எப்போது அந்தப் பையைக் காலி செய்ய வேண்டும், எப்போது அதன்மேல் கையே வைக்கக் கூடாது என்பதை வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொண்டால் நாய்க்கு வரவிருக்கும் பெரிய வலியைத் தவிர்க்கலாம்.

அந்தப் பை எதற்காக?

நாயின் ஆசனவாயைப் பின்னால் இருந்து பார்க்கும்போது அதை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், 4 மணி இருக்கும் இடத்தில் ஒன்றும் 8 மணி இருக்கும் இடத்தில் ஒன்றுமாகத் தோலுக்கு அடியில் இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. சிறிய நாய்களில் பட்டாணி அளவும் பெரிய நாய்களில் திராட்சை அளவும் இருக்கும். ஆசனவாயைச் சுருக்கித் திறக்கும் இரண்டு அடுக்குத் தசைகளுக்கு நடுவில் இவை அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் புறப்பட்டு ஆசனவாயின் விளிம்பில் திறக்கிறது. பையின் சுவரில் உள்ள சுரப்பிகள் ஒரு திரவத்தைச் சுரக்கின்றன. கருவாட்டு வாடை போலக் கடுமையாக மூக்கில் ஏறும் அந்த வாசனைதான் ஒரு நாயை இன்னொரு நாய்க்கு அடையாளம் காட்டுகிறது. இரண்டு நாய்கள் சந்தித்ததும் ஒன்றின் பின்புறத்தை மற்றொன்று முகர்வது இதற்காகத்தான். திடீரென்று பயந்துபோகும் நாய் அந்த இடத்திலேயே இந்தத் திரவத்தை வெளியேற்றிவிடுவதும் உண்டு. அது நோய் அல்ல.

இந்தப் பைகளைக் காலி செய்யும் வேலையை உடலே பார்த்துக்கொள்கிறது. உருண்டு திரண்ட மலம் ஆசனவாய் வழியாக வெளியேறும்போது உள்ளிருந்து பைகளை அழுத்துகிறது. அதே நேரத்தில் சுற்றியுள்ள தசையும் இறுகுகிறது. இரண்டுக்கும் நடுவில் சிக்கும் பை, தன்னிடம் இருப்பதைக் குழாய் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. மலம் சரியாக இருக்கும் நாய்க்கு மனிதக் கை தேவையே இல்லை.

இந்த அமைப்பு எங்கே பழுதடைகிறது என்று பார்த்தால் நோயின் காரணங்கள் தாமாகவே விளங்கும். மலம் நாள்கணக்கில் இளகிப் போனால் பையை அழுத்தும் பலம் அதற்கு இருக்காது. உடல் பருத்த நாயில் அந்த இடத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, பை சரியாக அழுந்தாமல் போகிறது. தோல் ஒவ்வாமை உள்ள நாயில் ஆசனவாயைச் சுற்றிய தோல் தடித்து வீங்குவதால் மெல்லிய குழாய் அடைபடுகிறது. சில சிறு இன நாய்களுக்கு இந்தத் தொல்லை மற்றவற்றைவிட அதிகம். பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், கால்நடை மருத்துவரிடம் வரும் நாய்களில் ஓர் ஆண்டில் 100-க்கு ஏறத்தாழ 4 நாய்களுக்கு இந்தப் பைத் தொல்லை இருந்தது தெரியவந்தது. முகம் தட்டையான இனங்களில் அது கூடுதலாகக் காணப்பட்டது.

ஒரு பக் நாயின் கதை

மருத்துவமனைகளுக்கு அடிக்கடி வரும் வகையான ஒரு நாயை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதுப் பக், பெயர் ஜிம்மி. அதன் எடை 12 கிலோ. அந்த இனத்துக்கு 6 முதல் 8 கிலோ இருந்தால் போதும். காலையில் பால், மதியம் பால் சோறு, மாலையில் வீட்டில் எல்லோரும் தேநீர் குடிக்கும்போது ஆளுக்கு இரண்டு பிஸ்கட், இரவில் மறுபடி சோறு என்பது அதன் சாப்பாடு. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சரியாகச் செரிக்காது. ஜிம்மியின் மலம் பல மாதங்களாகவே களிபோல இருந்தது. கழிச்சல் இல்லை என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

முதலில் வந்தது அடைப்பு. ஜிம்மி தரையில் தேய்க்கத் தொடங்கியது. திரும்பித் திரும்பி வாலடியை நக்கியது. சோபாவில் அது படுத்திருந்த இடத்தில் கருவாட்டு வாடை அடித்தது. இந்த நிலையில் பைக்குள் இருந்த திரவம் தண்ணீர்த்தன்மையை இழந்து பசையாகக் கெட்டிப்பட்டிருக்கும். மெல்லிய குழாய் வழியாக அது வெளியே வர முடியாது. பை நிறைந்து அழுத்துவதால் நாய்க்கு வலியைவிட உறுத்தல்தான் அதிகம். வீட்டில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். பிறகு கடையில் பிதுக்கினார்கள். சில நாள் நிம்மதி கிடைத்தது. ஆனால் மலம் மாறவில்லை, எடை குறையவில்லை. அதனால் பை மறுபடி நிறைந்தது.

இரண்டாவது கட்டம் அழற்சி. தேங்கிய பசையில் கிருமிகள் பெருகும். அடுத்தடுத்துப் பிதுக்கியதில் பையின் சுவரும் குழாயும் புண்பட்டிருக்கும். இப்போது ஜிம்மி வாலைத் தொட விடவில்லை. மலம் கழிக்கும்போது முனகியது. கடையில் பிதுக்கியபோது மஞ்சளும் சிவப்புமாக ஏதோ வந்தது. மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் இதுதான். அவர்களோ, எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது கட்டம் சீழ்க்கட்டி. ஒரு வாரம் கழித்து ஜிம்மி உட்கார மறுத்தது. சாப்பாட்டைத் தொடவில்லை. ஆசனவாய்க்கு வலப்புறம், 4 மணி இருக்கும் இடத்தில் தோல் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது. பாட்டி வழக்கம்போல மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவினார். மறுநாள் காலையில் அந்த இடம் உடைந்து இரத்தமும் சீழும் வழிந்தன. வேறு நாய் கடித்துவிட்டதோ என்று வீட்டில் பயந்தார்கள். ஆசனவாய்க்கு அருகில் திடீரென்று தோன்றும் ஓட்டைக்கு உடைந்த சீழ்க்கட்டிதான் பெரும்பாலும் காரணம்.

மருத்துவர் வெப்பநிலை பார்த்தபோது 40 டிகிரி செல்சியஸ் இருந்தது. நாய்க்கு இயல்பான வெப்பம் 38-லிருந்து 39 டிகிரிக்குச் சற்று மேல் வரைதான். மயக்க ஊசி போட்டு, சுற்றியிருந்த முடியை வழித்து, ஓட்டையின் வழியாக உப்புக்கரைசலைச் செலுத்திப் பையைப் பலமுறை கழுவினார். ஓட்டையைத் தைக்கவில்லை. தைத்தால் உள்ளே மிச்சமிருக்கும் சீழ் மறுபடி அடைபடும் என்பதால் அது உள்ளிருந்து மெல்ல ஆறட்டும் என்று விட்டார். இடப்பக்கப் பையையும் சோதித்தார். அதிலும் கெட்டிப் பசை இருந்தது. கிருமியைக் கொல்லும் மாத்திரையும் நாய்களுக்கான வலி மருந்தும் கொடுத்தார். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டினார். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். புண் மேலாக மூடிவிடாமல், உள்ளே இருப்பது வடிய இது உதவும்.

நம் ஊர் வெயிலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஈரமாகத் திறந்து கிடக்கும் புண்ணில் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். உடைந்த கட்டியுடன் இருக்கும் நாயைப் புண் ஆறும்வரை வீட்டுக்குள்ளேயே, ஈ அண்டாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். புண்ணிலிருந்து நாற்றம் வந்தாலோ உள்ளே ஏதோ நெளிவது தெரிந்தாலோ மண்ணெண்ணெய், கற்பூரம் என்று எதையும் ஊற்றாமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சீழ்க்கட்டிக்கு வீட்டு வைத்தியம் பார்ப்பதில் மிகப் பெரிய ஆபத்து மனிதருக்கான வலி மாத்திரை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். வலியில் துடிக்கும் நாய்க்கு இரக்கப்பட்டுக் கொடுக்கும் அரை மாத்திரை அதன் உயிருக்கே உலையாகலாம்.

தேய்ப்பதெல்லாம் பையின் குற்றமா?

அல்ல. பையைக் காலி செய்த பிறகும் நாய் தேய்த்துக்கொண்டே இருந்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

பூச்சி ஒரு காரணம்தான். ஆனால் எல்லாப் பூச்சியும் அல்ல. அரிப்பைத் தருவது பெரும்பாலும் நாடாப்புழு. நாயின் உடலில் இருக்கும் தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்கும்போது இந்தப் புழு உள்ளே போகிறது. அதன் உடல் துண்டுகள் அரிசிமணி அளவில் ஆசனவாயைச் சுற்றியுள்ள முடியிலும் படுக்கையிலும் ஒட்டியிருக்கும். புதிதாக வெளிவந்த துண்டு மெல்ல அசைவதும் தெரியும். இதைப் பார்த்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உருண்டைப்புழுவுக்கான சாதாரண மாத்திரை நாடாப்புழுவைக் கொல்லாது. பிராசிக்குவான்டெல் சேர்ந்த மாத்திரை வேண்டும். தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் புழு மறுபடி வரும்.

இன்னொரு காரணம் ஒவ்வாமை. நாய் தரையில் தேய்ப்பதோடு பாதங்களையும் நக்குகிறதா, காதைச் சொறிகிறதா, அக்குளும் அடிவயிறும் சிவந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அரிப்பு உடல் முழுவதற்குமானது, ஆசனவாய் அதில் ஓர் இடம் மட்டுமே. இத்தகைய நாயை எத்தனை முறை பிதுக்கினாலும் பயன் இருக்காது. உணவில் ஒவ்வாமை இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், நாய் அதுவரை சாப்பிடாத ஒரே வகைப் புரதத்தை மட்டும் எட்டு வாரம் வரை கொடுத்துப் பார்க்கும் சோதனையை மருத்துவர் தொடங்குவார். அந்த எட்டு வாரமும் ஒரு பிஸ்கட்கூட உள்ளே போகக் கூடாது. போனால் சோதனை வீணாகிவிடும்.

எப்போது காலி செய்ய வேண்டும்?

தேய்க்காத, நக்காத, வாடை அடிக்காத, மலம் சரியாகப் போகும் நாயின் பையைத் தொடவே கூடாது. மாதக் குளியலோடு சேர்த்துப் பிதுக்கிவிடுவதை ஒரு சேவையாகச் சில கடைகள் வைத்திருக்கின்றன. "வேண்டாம், தேவைப்பட்டால் டாக்டரிடம் காட்டிக்கொள்கிறோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நலமாக இருக்கும் பையை அடிக்கடி நசுக்கினால் அதன் சுவரும் குழாயும் வீங்கி, இல்லாத அடைப்பு உண்டாகலாம்.

அடைப்பின் அறிகுறி இருக்கும் நாய்க்குத்தான் காலி செய்வது வைத்தியம். முதல் முறை அதை மருத்துவரே செய்ய வேண்டும். அவர் கையுறை அணிந்து, வழவழப்பான களிம்பு தடவிய சுட்டுவிரலை ஆசனவாய்க்குள் நுழைத்து, கட்டைவிரலை வெளியே வைத்து, இரண்டுக்கும் நடுவில் பையைப் பிடித்து, உள்ளிருந்து திறப்பை நோக்கி மெல்ல உருவுவார். பை முழுக்கக் காலியாகும். அதே விரலால் பைச்சுவரில் ஏதும் கெட்டியான கட்டி இருக்கிறதா என்றும் தடவிப் பார்த்துவிடலாம். வெளியிலிருந்து பிதுக்குவதில் இந்த இரண்டாவது நன்மை கிடைக்காது. பையும் பெரும்பாலும் முழுதாகக் காலியாவதில்லை.

மருத்துவர் பார்த்து, இது வெறும் அடைப்பு, வீட்டில் வெளியிலிருந்து செய்யலாம் என்று அனுமதித்துக் கற்றும் கொடுத்திருந்தால் மட்டும் இப்படிச் செய்யலாம். குளியலறையில் ஒருவர் நாயின் தலையையும் மார்பையும் அணைத்துப் பிடிக்கட்டும். சாதுவான நாயும் இந்த நேரத்தில் கடிக்கும் என்பதால் வாய்ப்பூட்டு போட்டுக்கொள்வது நல்லது. மற்றவர் கையுறை மாட்டிக்கொண்டு வாலை மேலே தூக்கட்டும். ஈரப் பஞ்சையோ தடித்த காகிதத் துணியையோ ஆசனவாயை மூடினாற்போலப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரவம் முகத்தில் பீய்ச்சியடிக்கும். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் 4 மணி, 8 மணி இடங்களுக்குச் சற்று வெளியே, பைகளுக்குப் பின்னால் வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் மெதுவாக அழுத்திக் கொண்டுவர வேண்டும். ஓரிரு முயற்சியில் வராவிட்டால் நிறுத்திவிட வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினால் பை உள்ளுக்குள்ளேயே கிழிந்து, அதிலிருப்பது சதைக்குள் பரவிவிடும்.

வெளியே வருவதையும் கவனியுங்கள். நலமான நாயிலேயே அதன் நிறமும் கெட்டித்தன்மையும் நாய்க்கு நாய் மாறும் என்பதால் மஞ்சளோ பழுப்போ என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் இரத்தமோ சீழோ கலந்து வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். தோல் சிவந்திருந்தாலும், ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தாலும், தொட்டதும் நாய் கத்தினாலும், ஓட்டை தெரிந்தாலும் அந்த இடத்தில் பிதுக்கவே கூடாது. இந்த நிலையில் வீட்டில் செய்யத் தக்கது கூம்பு மாட்டுவதும் அன்றே மருத்துவமனைக்குக் கிளம்புவதும்தான்.

வயதான நாய்க்கு இன்னோர் எச்சரிக்கை. இந்தப் பையின் சுரப்பியில் புற்றுநோயும் வரும். ஒரு பக்கத்தில் மட்டும் கெட்டியான கட்டி இருக்கும். தேய்ப்பதோ வலியோ இல்லாமலேயே அது வளரலாம். அருகிலுள்ள நிணநீர்க்கணுக்களுக்குப் பரவிக் குடலை அழுத்தினால் மலம் தட்டையாக வரும் அல்லது நாய் முக்கி முக்கிக் கழிக்கும். இந்தப் புற்றுநோய் சில நாய்களில் இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடுவதால், நாய் வழக்கத்துக்கு மாறாக நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழிக்கும். எட்டு வயதைத் தாண்டிய நாய்க்கு ஆண்டுப் பரிசோதனையின்போது ஆசனவாயையும் விரலால் சோதிக்கச் சொல்லிக் கேட்பது தவறே அல்ல. சிறியதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் அறுவையில் எடுக்க வாய்ப்பு அதிகம்.

மறுபடி வராமல் இருக்க

ஜிம்மியின் புண் சில வாரங்களில் ஆறியது. அதன் பிறகுதான் உண்மையான சிகிச்சை தொடங்கியது. பாலும் பிஸ்கட்டும் நின்றன. அளந்து கொடுக்கும் உணவுக்கு மாறினார்கள். அதோடு ஒரு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு மஞ்சள் பூசணியை, உப்பும் காரமும் வெங்காயமும் சேர்க்காமல், வேகவைத்து மசித்துக் கலந்தார்கள். பூசணியின் நார்ச்சத்து மலத்தைத் திரட்டிக் கனமாக்கும். பூசணி பிடிக்காத நாய்க்கு இசப்கோல் உமியை மருத்துவர் சொல்லும் அளவில், தண்ணீர் நிறையச் சேர்த்துக் கொடுக்கலாம். உணவை மாற்றும்போது ஒரு வாரத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் கழிச்சல் வந்து பழைய நிலைக்கே கொண்டுபோய்விடும்.

எடையையும் மெல்லத்தான் இறக்க வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் 100-க்கு 1 முதல் 2 பங்கு குறைந்தால் பாதுகாப்பானது. 12 கிலோ பக்குக்கு அது வாரம் 120 கிராமிலிருந்து 240 கிராம் வரை. ஜிம்மி குறைந்த வேகத்திலேயே ஆறு மாதத்தில் 9 கிலோவை நெருங்கியது. அதற்குள் மலம் கையில் எடுத்தால் உடையாத அளவுக்குத் திரண்டிருந்தது.

மருத்துவர் மூன்று வாரம் கழித்துப் பைகளைச் சோதித்தார். பாதி நிறைந்திருந்தன. அடுத்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது அநேகமாகக் காலி. அதற்குப் பிறகு தேதி குறிக்கவில்லை. "தேய்த்தால் மட்டும் கூட்டிவாருங்கள்" என்றார். இடைவெளியை நாயின் உடலே தீர்மானிக்க வேண்டும், நாள்காட்டி தீர்மானிக்கக் கூடாது.

இவ்வளவும் செய்து, ஒவ்வாமைக்கும் பார்த்து, பையை மருந்தால் கழுவியும் மீண்டும் மீண்டும் சீழ்க்கட்டி வரும் நாய்கள் சில உண்டு. அவற்றுக்குப் பைகளையே அறுவையில் எடுத்துவிடலாம். சீழ் முழுதும் ஆறிய பிறகே அதைச் செய்வார்கள். பைகளை ஒட்டியே ஆசனவாயைக் கட்டுப்படுத்தும் தசையும் நரம்பும் ஓடுவதால், அவை பழுதானால் நாய்க்கு மலத்தை அடக்க முடியாமல் போகும். எனவே இந்த அறுவையில் பழக்கமுள்ளவரிடம் மட்டுமே போக வேண்டும். தொல்லை பெரிதாக இருந்தால், தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சென்னை வேப்பேரியில் உள்ள மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம்.

நாய் தேய்க்கத் தொடங்கியதும் கையுறையைத் தேடாதீர்கள். முதலில் அன்றைய மலத்தைப் பாருங்கள், பிறகு வாலைத் தூக்கி இரண்டு பக்கமும் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், பாதமும் காதும் சிவந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த மூன்றையும் மருத்துவரிடம் சொன்னால் அவருடைய வேலை பாதி முடிந்துவிடும். வீக்கமோ இரத்தமோ இருந்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இன்றே கூட்டிப்போங்கள்.